இரண்டு கம்பெனி, ஒரே வருடம்: பிடித்த டி.டி.எஸ்.ஸை எக்ஸெலில் சரிபார்ப்பது எப்படி?

சம்பளம் வாங்குகிறவர்களில் பலர், "என் வரியைத்தான் மாதாமாதம் ஆபீஸிலேயே பிடித்துவிடுகிறார்களே, அப்புறம் நான் என்ன கட்ட வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வருடம் முழுக்க ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, சம்பளத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாதவருக்குப் பெரும்பாலும் எதுவும் பாக்கி இருக்காது. வருடத்தின் நடுவில் வேலை மாறியவருக்கும், பேங்கில் டெபாசிட் வைத்திருப்பவருக்கும் கதை வேறு. இவர்களுக்கு ஜூலை மாதம் ரிட்டர்ன் போட உட்காரும்போது கம்ப்யூட்டர் திரையில் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று ஒரு தொகை வந்து நிற்கும்.

அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது, பிடித்த வரி உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது ஆகியவற்றை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். வீட்டில் கம்ப்யூட்டரும், எக்ஸெல் அல்லது ஓப்பன் ஆபீஸ் போன்ற ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் சாப்ட்வேரும் இருந்தால் போதும்.

டி.டி.எஸ். என்பது முன்பணம்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். டி.டி.எஸ். என்பது தனியாக ஒரு வரி அல்ல. வருட முடிவில் நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரிக்கு, பணம் கொடுப்பவரே உங்கள் சார்பில் கட்டி வைக்கும் முன்பணம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாடிக்கையாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர், மண்டியில் அவ்வப்போது கொஞ்சம் பணம் கொடுத்து வைப்பார். அது அவர் பெயரில் வரவு வைக்கப்படும். கணக்கு முடிக்கும் நாளில் மொத்தச் சரக்குக்கு என்ன விலை என்று கூட்டி, கொடுத்த பணத்தைக் கழித்து, மிச்சம் இருந்தால் வாங்குவார்கள். கூடுதலாகக் கொடுத்திருந்தால் திருப்பித் தருவார்கள். வருமான வரியிலும் இதே கணக்குதான். சரக்கின் விலைதான் உங்கள் மொத்த வரி. அவ்வப்போது கொடுத்த பணம்தான் டி.டி.எஸ். கணக்கு முடிக்கும் நாள்தான் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள்.

மண்டியில் நாம் கொடுத்த பணம் வேறொருவர் பெயரில் எழுதப்பட்டால் என்ன ஆகும்? அந்தச் சிக்கல் இங்கேயும் வரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கம்பெனி எப்படிக் கணக்குப் போடுகிறது?

பேங்க் உங்கள் டெபாசிட் வட்டியில் வரி பிடிப்பதற்கும், கம்பெனி உங்கள் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. பேங்க் உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வட்டி குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் நேராக 10 சதவீதம் பிடித்துவிடும். 2025-26 நிதியாண்டில் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த வரம்பு ஒரு பேங்கில் வருடத்துக்கு 50,000 ரூபாய்.

கம்பெனி அப்படிச் செய்வதில்லை. 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தின் 192-வது பிரிவின்படி, உங்களுக்கு அந்த வருடம் முழுக்க எவ்வளவு சம்பளம் வரும் என்று கம்பெனி முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். அதற்கு என்ன வரி என்று கணக்குப் போட்டு, அதை மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்க வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்பெனி போடுவது ஒரு மதிப்பீடு. தன் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் சம்பளம் மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் சொல்லாதவரை, முந்தைய கம்பெனியில் வாங்கிய சம்பளமோ பேங்க் வட்டியோ அதற்குத் தெரியாது.

ஓர் உதாரணம்

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். 60 வயதுக்கு உட்பட்டவர். காந்தி மார்க்கெட் பக்கத்தில் உள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறார். மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் அங்கே வேலை பார்க்கிறார். அக்டோபரில் திருச்சியிலேயே வேறொரு கம்பெனிக்கு மாறுகிறார். அங்கே மாதம் 1,30,000 ரூபாய். இது தவிர, பேங்க் டெபாசிட்டில் வருடத்துக்கு 60,000 ரூபாய் வட்டி வருகிறது. புதிய வரி முறையில் இருக்கிறார்.

முதல் கம்பெனி ஏப்ரலில் இப்படிக் கணக்குப் போட்டது. மாதம் 1,20,000 வீதம் வருடத்துக்கு 14,40,000. நிலையான கழிவு 75,000 போக 13,65,000. இதற்கு வரி 84,750. அதன் மேல் 4 சதவீதம் செஸ் 3,390. மொத்தம் 88,140 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,345. ஆறு மாதத்தில் 44,070 ரூபாய் பிடித்தார்கள். இதில் தவறு எதுவும் இல்லை.

அக்டோபரில் இரண்டாவது கம்பெனியும் மதிப்பீடு போட்டது. மீதி ஆறு மாதத்துக்கு 7,80,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போக 7,05,000. புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ பிரிவின் கீழ் வரித் தள்ளுபடி கிடைத்து, கட்ட வேண்டிய வரி பூஜ்யம் ஆகிவிடும். எனவே இரண்டாவது கம்பெனி ஒரு ரூபாய் கூடப் பிடிக்கவில்லை. நம் மேலாளருக்கும் சந்தோஷம்தான். சம்பளமும் கூடிவிட்டது, பிடித்தமும் நின்றுவிட்டது!

பேங்க் தன் பங்குக்கு 60,000 ரூபாய் வட்டியில் 10 சதவீதமாக 6,000 ரூபாய் பிடித்தது. ஆக வருட முடிவில் அவர் பெயரில் வரவாக இருக்கும் முன்பணம் 44,070 + 6,000 = 50,070 ரூபாய்.

இப்போது உண்மையான வரி எவ்வளவு என்று பார்ப்போம்.

எக்ஸெலில் கணக்கு

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். A நெடுவரிசையில் விவரங்களை எழுதுங்கள். B நெடுவரிசையில் தொகைகளை டைப் செய்யுங்கள். B1 செல்லில் முதல் கம்பெனிச் சம்பளம் 720000. B2-ல் இரண்டாவது கம்பெனிச் சம்பளம் 780000. B3-ல் நிலையான கழிவு 75000. B4-ல் பேங்க் வட்டி 60000. தொகைகளின் நடுவே கமா போட வேண்டாம். பிறகு B5 முதல் B10 வரை கீழே உள்ள பார்முலாக்களை வரிசையாகக் கொடுங்கள்.

```
B5:  =B1+B2-B3+B4
B6:  =5%*(MAX(0,B5-400000)+MAX(0,B5-800000)+MAX(0,B5-1200000)+MAX(0,B5-1600000)+MAX(0,B5-2000000)+MAX(0,B5-2400000))
B7:  =IF(B5<=1200000,0,MIN(B6,B5-1200000))
B8:  =ROUND(B7*1.04,0)
B9:  =44070+6000
B10: =B8-B9
```

B6-ல் உள்ள பார்முலாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் விகிதம் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதத்தில் நிற்கும். அதாவது ஒவ்வொரு படியிலும் 5 சதவீதம் கூடுகிறது. எனவே ஒவ்வொரு எல்லையையும் தாண்டிய தொகையைத் தனித்தனியே எடுத்துக் கூட்டி, 5 சதவீதத்தால் பெருக்கினால் போதும். நீளமான IF பார்முலா எழுதும் வேலை மிச்சம்.

B7-ல் இருப்பது 87ஏ தள்ளுபடி. வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் பூஜ்யம் வரும். 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. செஸ்ஸுக்கு முந்தைய வரி, 12 லட்சத்துக்கு மேல் உள்ள தொகையைத் தாண்டக் கூடாது. வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500 வரும். ஆனால் 10,000 ரூபாய்தான் கட்ட வேண்டும். MIN என்ற பங்ஷன் இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நம் மேலாளரின் கணக்கில் B5-ல் 14,85,000 வரும். B6-ல் 1,02,750. அவர் 12 லட்சத்தை நன்றாகத் தாண்டிவிட்டதால் B7-லும் அதே 1,02,750. செஸ் சேர்த்து B8-ல் 1,06,860. முன்பணம் 50,070 கழிந்து B10-ல் 56,790. இதுதான் அவர் இன்னும் கட்ட வேண்டிய வரி. B10-ல் மைனஸ் குறியோடு எண் வந்தால் அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய தொகை. உதாரணமாக, மாதம் 45,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு இதே 60,000 ரூபாய் வட்டி வந்தால் வரி பூஜ்யம். பேங்க் பிடித்த 6,000 ரூபாய் முழுவதும் ரீபண்ட். ஆனால் அது தானாக வராது, ரிட்டர்ன் போட்டால்தான் வரும்.

இந்த ஷீட் சம்பளமும் வட்டியும் மட்டும் உள்ள, புதிய முறையில் இருப்பவருக்குத்தான் பொருந்தும். ஷேர் விற்ற லாபம் போன்றவற்றுக்குத் தனி விகிதம் உண்டு. அந்த வரிக்குத் தள்ளுபடி கிடைக்காது. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் சேரும். பழைய முறைக்குப் படிகளே வேறு.

இடைவெளி எப்படி வந்தது?

இரண்டு கம்பெனிகளும் சரியாகத்தான் கணக்குப் போட்டன. பிறகு எப்படி 56,790 ரூபாய் குறைந்தது? காரணம், இரண்டாவது கம்பெனி அவருடைய வருடம் அக்டோபரில்தான் தொடங்கியது போலக் கணக்குப் போட்டதுதான். வரியில்லாத முதல் 4 லட்சம், குறைந்த விகிதப் படிகள், 75,000 கழிவு, 12 லட்சத் தள்ளுபடி ஆகிய எல்லாமே ஒருவருக்கு வருடத்தில் ஒரு முறைதான். இரண்டாவது கம்பெனிக்கு முந்தைய சம்பளம் தெரியாததால், இவை எல்லாம் இரண்டாவது தடவையாகக் கணக்கில் வந்துவிட்டன.

பேங்க் வட்டியிலும் இதே சிறு இடைவெளி இருக்கிறது. பேங்க் 10 சதவீதம்தான் பிடித்தது. ஆனால் அவருடைய வருமானத்தின் மேல் முனை 15 சதவீதப் படியில் இருக்கிறது. செஸ்ஸோடு 60,000 ரூபாய்க்கு 9,360 ரூபாய் வரி. பிடித்தது 6,000. "வட்டிக்குத்தான் டி.டி.எஸ். பிடித்தாயிற்றே" என்று அந்த வருமானத்தையே ரிட்டர்னில் காட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. அது தவறு. வட்டி முழுவதையும் வருமானத்தில் காட்ட வேண்டும். பிடித்ததை வரவில் காட்ட வேண்டும்.

இரண்டு கம்பெனிகளிலிருந்தும் இரண்டு பார்ம் 16 வரலாம். இரண்டிலும் 75,000 ரூபாய் கழிவு காட்டப்பட்டிருக்கும். இரண்டிலும் உள்ள நிகரத் தொகையை அப்படியே எடுத்துக் கூட்டினால் 1,50,000 கழிந்துவிடும். எனவே கழிவுக்கு முந்தைய சம்பளத்தை எடுத்துக் கூட்டி, 75,000 ரூபாயை ஒரே ஒரு முறை கழியுங்கள்.

இன்னொன்று. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று இருப்பதெல்லாம் டி.டி.எஸ். ஆகாது. பி.எப். உங்கள் சேமிப்பு. தொழில் வரி என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிடிப்பது மாநகராட்சிக்குப் போவது. இவை இரண்டும் வருமான வரியில் வரவாக வராது. "Income Tax" அல்லது "TDS" என்று உள்ள வரியை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு வட்டி

56,790 ரூபாயோடு விஷயம் முடிவதில்லை. டி.டி.எஸ். போக மீதி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதை அந்த வருடத்துக்குள்ளேயே முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15-க்குள் 75 சதவீதம், மார்ச் 15-க்குள் முழுவதும். சம்பளக்காரர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

நம் மேலாளர் எந்தத் தவணையும் கட்டவில்லை. எனவே 234சி பிரிவின்படி, முதல் மூன்று தவணைகளுக்கு மூன்று மாத வட்டியும் கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டியும், மாதத்துக்கு 1 சதவீதம் வீதம் சேரும். தொகையை நூறு ரூபாய்க்குக் கீழே தள்ளிக் கணக்கிட்டால் 255, 765, 1,275, 567 என மொத்தம் 2,862 ரூபாய். அடுத்து 234பி. ஏப்ரல் 1 முதல் பணம் கட்டும் மாதம் வரை மாதம் 1 சதவீதம். ஜூலையில் கட்டினால் நான்கு மாதம். 56,700-க்கு 4 சதவீதம் 2,268 ரூபாய். இரண்டும் சேர்ந்து 5,130 ரூபாய். ஆக அவர் ஜூலையில் கட்ட வேண்டியது 61,920 ரூபாய்.

அக்டோபரில் ஒரு படிவம் கொடுத்திருந்தால்

இந்தச் சிக்கல் முழுவதையும் புதிய கம்பெனியில் சேர்ந்த வாரத்திலேயே தவிர்த்திருக்கலாம். 12பி என்று ஒரு படிவம் உண்டு. முந்தைய கம்பெனியின் பெயர், அதன் டான் எண், அங்கே வாங்கிய சம்பளம், பிடித்த வரி ஆகியவற்றை எழுதிப் புதிய கம்பெனியின் சம்பளப் பிரிவில் கொடுக்க வேண்டும். முந்தைய கம்பெனியின் கடைசிச் சம்பளச் சீட்டும் வரிக் கணக்குத் தாளும் இருந்தால் போதும்.

கொடுத்திருந்தால் புதிய கம்பெனி மொத்தச் சம்பளம் 15,00,000-க்குக் கணக்குப் போட்டிருக்கும். கழிவு போக 14,25,000. செஸ்ஸோடு வரி 97,500. ஏற்கனவே பிடித்த 44,070 போக மீதி 53,430. ஆறு மாதத்துக்கு மாதம் 8,905 ரூபாய் பிடித்திருப்பார்கள்.

பேங்க் வட்டியையும், அதில் பிடித்த வரியையும் கூடக் கம்பெனியிடம் சொல்லலாம். இதற்காகவே 2024 அக்டோபரில் 12பிஏஏ என்ற படிவம் வந்தது. இரண்டு படிவங்களையும் கொடுத்திருந்தால் மாதம் 9,465 ரூபாய் பிடித்திருப்பார்கள். ஆறு மாதத்தில் 56,790. ஜூலையில் பாக்கி பூஜ்யம். 5,130 ரூபாய் வட்டியும் மிச்சம்.

அக்டோபரில் கொடுக்காமல் டிசம்பரிலோ ஜனவரியிலோ கொடுத்தாலும் பயன் உண்டு. மீதி உள்ள மாதங்களில் கூடுதலாகப் பிடிப்பார்கள். மார்ச் மாதச் சம்பளமும் போட்டு முடித்த பிறகுதான் வழியில்லை.

வரவைச் சரிபார்ப்பது எப்படி?

கம்பெனி உங்களிடம் பிடித்துவிட்டால் மட்டும் வரவு ஆகிவிடாது. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாருடைய பான் எண்ணில் எவ்வளவு என்று 24கியூ என்ற பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் ஏறிய பிறகுதான் உங்கள் பெயரில் வரவு தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பட்டியலுக்குக் கடைசி நாள் மே 31. எனவே ஏப்ரல் மாதமே அவசரப்பட்டு ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் கடைசி மூன்று மாத வரவு காணாமல் போனது போல இருக்கும். ஜூன் 15-க்குள் பார்ம் 16 கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு உட்காருவதே நல்லது.

வரவைப் பார்க்க www.incometax.gov.in தளத்துக்குச் சென்று, பான் எண்ணையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே நுழையுங்கள். மேலே உள்ள மெனுவில் e-File, அதில் Income Tax Returns, அதில் View Form 26AS என்பதைக் க்ளிக் செய்யுங்கள். அங்கிருந்து TRACES என்ற வேறொரு தளத்துக்கு அழைத்துச் செல்லும். அங்கே View Tax Credit (Form 26AS) என்ற லிங்க்கைக் க்ளிக் செய்து, Assessment Year என்ற இடத்தில் 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு இதுதான் மதிப்பீட்டு ஆண்டு. இங்கே 2025-26 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, போன வருடக் கணக்கைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். View As என்ற இடத்தில் HTML கொடுத்தால் திரையிலேயே பார்க்கலாம். பி.டி.எப். ஆக இறக்கினால் பாஸ்வேர்ட் கேட்கும். உங்கள் பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என்று எட்டு இலக்கமாக, இடையில் எந்தக் குறியும் இல்லாமல் கொடுங்கள்.

அதே தளத்தில் AIS என்ற மெனுவும் இருக்கிறது. 2021 நவம்பரில் வந்த இந்த ஆண்டுத் தகவல் அறிக்கையில், வரி பிடிக்கப்படாத சேமிப்புக் கணக்கு வட்டி போன்றவையும் தெரியும். 26ஏஎஸ்ஸில் வரவைப் பாருங்கள், இதில் வருமானத்தைப் பாருங்கள். இந்த பி.டி.எப்.புக்கு பாஸ்வேர்ட், சிறிய எழுத்தில் பான் எண்ணும் அதை ஒட்டிப் பிறந்த தேதியும்.

26ஏஎஸ்ஸில் நம் மேலாளரின் பெயருக்குக் கீழே முதல் கம்பெனியின் டான் எண்ணோடு ஆறு வரிகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 7,345 ரூபாய். கூட்டினால் 44,070. பேங்கின் பெயரில் 6,000. ஒவ்வொரு வரிக்கும் எதிரே Status of Booking என்ற இடத்தில் F என்ற எழுத்து இருந்தால் பணம் அரசுக் கணக்கில் சேர்ந்து உறுதியாகிவிட்டது என்று பொருள். U என்று இருந்தால் கம்பெனி பட்டியலில் எழுதியதும், பேங்கில் கட்டிய சலானும் பொருந்தவில்லை என்று பொருள்.

வரவு வரவில்லை என்றால்?

சம்பளச் சீட்டில் 44,070 பிடித்திருக்கிறார்கள், 26ஏஎஸ்ஸில் 36,725-தான் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். குறைவது சரியாக 7,345. அதாவது ஒரு மாதம் விடுபட்டிருக்கிறது. எந்த மாதத் தேதி இல்லை என்று பார்த்தால், எந்தக் காலாண்டுப் பட்டியலில் தவறு என்று தெரிந்துவிடும். எல்லாமே இல்லை என்றால் பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எண்ணோ எழுத்தோ மாறி, உங்கள் பணம் வேறு யாருடைய பெயரிலோ எழுதப்பட்டிருக்கும்.

இதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து திருத்த முடியாது. பட்டியலைத் தாக்கல் செய்த கம்பெனிதான் திருத்தப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும். எனவே எந்த மாதம், எவ்வளவு தொகை, சரியான பான் எண் என்ன என்று எழுதி, சம்பளச் சீட்டின் நகலை இணைத்து அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலையை விட்டு வந்துவிட்டாலும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

திருத்துவதற்கு முன்பே, பார்ம் 16-ஐ நம்பி முழுத் தொகையையும் ரிட்டர்னில் எழுதினால் என்ன ஆகும்? பெங்களூரில் உள்ள மையத்தின் கம்ப்யூட்டர் அதை 26ஏஎஸ்ஸோடு ஒப்பிடும். வரவில் இல்லாத தொகையை ஒதுக்கிவிட்டு, 143(1) பிரிவின் கீழ் பாக்கி கட்டச் சொல்லித் தகவல் அனுப்பும். கம்பெனி திருத்திய பிறகு, தளத்தில் Rectification என்ற வசதியில் ரிட்டர்னை மறுபடியும் பரிசீலிக்கக் கேட்கலாம். கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டாமலே இருந்துவிட்டால், 1961-ம் வருடச் சட்டத்தின் 205-வது பிரிவு உங்களுக்குத் துணை. சம்பளத்தில் வரியாகப் பிடித்த தொகையை மறுபடியும் உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் பிடித்தார்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும். அதனால்தான் சம்பளச் சீட்டுகளையும், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் வருடவாரியாக ஒரு போல்டரில் போட்டு வைக்க வேண்டும். வேலையை விட்ட மறுநாள் கம்பெனி மின்னஞ்சல் திறக்காது. எனவே விடும் முன்பே இறக்கிக் கொள்ளுங்கள்.

பாக்கியைக் கட்டி ரிட்டர்ன் போடுவது

வரவு சரியாக இருக்கிறது, பாக்கி 61,920 என்று தெரிந்துவிட்டது. e-File மெனுவில் e-Pay Tax என்பதைக் க்ளிக் செய்யுங்கள். மதிப்பீட்டு ஆண்டு 2026-27. கட்டணவகையில் Self-Assessment Tax (300) என்று தேர்ந்தெடுங்கள். 100 என்பது முன்வரி. அதை வருடம் முடிவதற்குள்தான் கட்ட வேண்டும். பணம் கட்டியதும் கிடைக்கும் சலானில் பேங்க் கிளையின் ஏழு இலக்க பி.எஸ்.ஆர். குறியீடு, தேதி, ஐந்து இலக்க சலான் எண் மூன்றும் இருக்கும். சலானை இறக்கி வைத்துக் கொள்ளுங்கள்.

நம் மேலாளரைப் போலச் சம்பளமும் வட்டியும் மட்டும் உள்ளவர் ஐ.டி.ஆர்.1 படிவம் போடலாம். டி.டி.எஸ். விவரங்கள் பெரும்பாலும் தானாகவே நிரம்பியிருக்கும். சம்பளத்தில் பிடித்தது ஓர் அட்டவணையிலும், பேங்க் பிடித்தது இன்னோர் அட்டவணையிலும், நீங்கள் கட்டிய சலான் மூன்றாவது அட்டவணையிலும் இருக்க வேண்டும். சலான் ஏறியிருக்கவில்லை என்றால் நீங்களே டைப் செய்யுங்கள். இரண்டாவது கம்பெனியில் வரி எதுவும் பிடிக்காததால் அந்தச் சம்பளம் தானாக நிரம்பாமல் போகலாம். அதையும் பார்த்துச் சேருங்கள். கடைசிப் பக்கத்தில் கட்ட வேண்டியது பூஜ்யம் என்று வந்தால் உங்கள் ஷீட்டும் படிவமும் ஒத்துப்போகின்றன. ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2026 ஜூலை 31. அனுப்பிய 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்து முடிக்க வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் சம்பாதிப்பதற்கு 2025-ம் வருட வருமான வரிச் சட்டம் பொருந்தும். நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய், 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயர் வருகிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. முன்பணமாகப் பிடித்து, கடைசியில் கழிக்கும் கணக்கு மட்டும் மாறவில்லை. எனவே எக்ஸெல் ஷீட்டை சேவ் செய்து வையுங்கள். வேலை மாறும் மாதத்தில் B1, B2, B4, B9 ஆகியவற்றை மாற்றிப் போட்டு B10-ஐப் பாருங்கள். அதை மீதி மாதங்களால் வகுத்தால் வரும் தொகைதான் புதிய கம்பெனி உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க வேண்டியது. அதைவிடக் குறைவாகப் பிடித்திருந்தால், முந்தைய சம்பளம், வட்டி பற்றிய விவரங்கள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று கேளுங்கள்.